விருந்தாளிகள் பாட்டுப் போடட்டும், கணக்கு நம்மிடமே இருக்கட்டும்

போன தை மாதம் எங்கள் கோவை வீட்டில் அப்பாவின் 70-வது பிறந்தநாள். 23 பேர் வந்திருந்தார்கள். ஹாலில் இருந்த ஸ்பீக்கரோடு சித்தப்பா மகன் தன் போனை ப்ளூடூத்தில் இணைத்துக்கொண்டு பாட்டுப் போட ஆரம்பித்தான். அரை மணி நேரம் நன்றாகப் போனது. அப்புறம் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல் செய்தியைப் பழக்க தோஷத்தில் தொட்டுவிட்டான். ஒரு மனைத் தரகரின் குரல். மனை எந்த இடத்தில் இருக்கிறது, என்ன விலை, எவ்வளவு வரை குறைத்துக் கேட்கலாம் என்பதெல்லாம் ஹால் முழுக்க ஒலித்தது. அவன் போனை அமுக்கி நிறுத்துவதற்குள் பாதிக்கு மேல் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். அதன்பின் அன்று முழுக்க அவன் போனைத் தொடவே இல்லை. பாட்டும் நின்றது.

அடுத்து தங்கையின் வளைகாப்பு வரவிருந்தது. இந்த முறை இதற்கு ஒரு நல்ல வழி பார்த்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு வழியையும் வீட்டிலேயே போட்டுப் பார்த்தேன். எனக்கு வேண்டியிருந்தது இரண்டே விஷயம். வந்தவர் யாராக இருந்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் பாட்டை அறுக்காமல் தன் பாட்டை வரிசையில் சேர்க்க வேண்டும். அதற்காக என் போனோ என் கணக்கோ அவர் கைக்குப் போகக்கூடாது.

பார்க்கப் பார்க்க ஒன்று தெளிவானது. பெரும்பாலானவர்கள் சொல்லும் வழிகள் வரிசையைப் பகிர்வதே இல்லை, ஸ்பீக்கரையே கைமாற்றுகின்றன. ப்ளூடூத் அப்படித்தான். ஒரு நேரத்தில் ஒரு போனில் இருந்துதான் பாட்டு வரும். அடுத்தவர் போட வேண்டுமானால் முதல்வர் விலக வேண்டும். பாட்டு மட்டும் வராது, அந்தப் போனில் எழும் மற்ற சத்தங்களும் சேர்ந்தே வரும், அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும். போனை எடுத்துக்கொண்டு அவர் மொட்டை மாடிக்குப் போனால் பாட்டு விட்டுவிட்டுக் கேட்கும். கணக்கு பத்திரமாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் 20 பேர் கூடும் இடத்துக்கு அது உதவாது.

வைஃபை வழியாக நேரே ஸ்பீக்கருக்கு அனுப்பும் முறையும் இதே கதைதான், கொஞ்சம் நாகரிகமான கதை. கூகுளின் காஸ்ட் ஆகட்டும், ஸ்பாட்டிஃபை கனெக்ட் ஆகட்டும், உங்கள் வைஃபைக்குள் வந்த யாரும் தன் போனில் தன் கணக்கில் இருந்தபடியே உங்கள் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கலாம். உங்கள் கணக்கு தேவையே இல்லை. குரல் செய்தி சங்கடமும் இல்லை, ஏனென்றால் பாட்டை ஸ்பீக்கரே இணையத்தில் இருந்து எடுத்துக்கொள்கிறது. போன் ரிமோட் மாதிரிதான். ஆனால் அவர் தேர்ந்தெடுத்த அந்த நொடியில் உங்கள் பாட்டு நின்று அவருடையது தொடங்கும். நீங்கள் 15 பாட்டு வரிசை போட்டு வைத்திருந்தாலும் அது ஸ்பீக்கரில் இராது. இரண்டு பேரின் வரிசையும் ஒன்றாகச் சேராது. திடீரென்று சம்பந்தமே இல்லாத பாட்டு தொடங்கி, உங்கள் ஆப்பில் ஸ்பீக்கர் இணைப்பு போயிருந்தால், வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

காஸ்ட் வைத்திருப்பவர்கள் ஒரு அமைப்பைப் பார்த்து வைப்பது நல்லது. நீங்கள் பாட்டு அனுப்பும்போது அதே வைஃபையில் இருக்கும் மற்ற ஆண்ட்ராய்டு போன்களின் அறிவிப்புப் பட்டியிலும் நிறுத்தும் பொத்தான் தோன்றும். ஒரு குழந்தை விளையாட்டாகத் தொட்டாலே போதும். கூகுள் ஹோம் ஆப்பில் அந்த ஸ்பீக்கரின் அமைப்புகளுக்குள் "Let others control your cast media" என்று ஒன்று இருக்கும். அதை அணைத்துவிட்டால் மற்றவர் போனில் அந்தப் பொத்தான் வராது.

ஸ்பீக்கரிடம் வாயால் கேட்பதை மிகச் சுலபமான வழி என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. யார் பேசினாலும் பாட்டு உங்கள் கணக்கில்தான் ஓடுகிறது. விருந்தாளிக்கு ஆப் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம் என்றால் அதற்குக் காரணம் நம் கணக்கையே திறந்து வைத்திருக்கிறோம் என்பதுதான். அடுத்த வாரம் உங்களுக்குப் பரிந்துரையாக வருவது முழுக்க குழந்தைப் பாட்டாக இருக்கும். அதே குரலுக்கு விளக்கும் மின்விசிறியும் கூடக் கட்டுப்படும். சத்தமான ஹாலில் பத்துப் பேர் பேசும்போது பழைய தமிழ்ப் பாட்டின் பெயரை ஸ்பீக்கர் சரியாகப் புரிந்துகொள்வதும் கடினம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டியிருக்கிறது. வீட்டுக் கணக்கு என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் அதில் மூன்று சாவிகள் இருக்கின்றன. ஒன்று வைஃபை பாஸ்வேர்டு. இரண்டாவது பாட்டுச் சந்தாவின் கணக்கு. மூன்றாவது விளக்கு, கேமரா, ஷாப்பிங் எல்லாம் கட்டியிருக்கும் கூகுள் அல்லது அமேசான் கணக்கு. மூன்றாவதை யாரும் தெரிந்தே கொடுப்பதில்லை. இரண்டாவதைக் கொடுக்கிறோமா என்று மட்டும் பார்த்துவிட்டு, முதலாவதைத் தண்ணீர் கொடுப்பது போலக் கொடுத்துவிடுகிறோம். அதே வைஃபைக்குள்தான் பிரிண்டரும், சிசிடிவி பெட்டியும், ரௌட்டரின் அமைப்புப் பக்கமும் இருக்கின்றன. மாற்றாத பழைய பாஸ்வேர்டோடு அவை இருந்தால் உள்ளே வந்த யாரும் பார்க்கலாம்.

அதற்குத்தான் பெரும்பாலான ரௌட்டர்களில் விருந்தினர் வைஃபை என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். அதில் இணைந்தவருக்கு இணையம் கிடைக்கும், வீட்டுக்குள் இருக்கும் சாதனங்கள் தெரியாது. சரி, நல்லது. ஆனால் ஸ்பீக்கரும் அந்தச் சாதனங்களில் ஒன்றுதான். போன் ஸ்பீக்கரைக் கண்டுபிடிப்பது, "இங்கே யார் இருக்கிறீர்கள்" என்று வைஃபைக்குள்ளேயே போடும் ஒரு கூப்பாட்டால். எம்டிஎன்எஸ் என்பார்கள். விருந்தினர் வைஃபையின் சுவரை அந்தக் கூப்பாடு தாண்டாது. அதனால் காஸ்ட், கனெக்ட் போன்றவற்றில் விருந்தாளியின் போனில் ஸ்பீக்கரின் பெயரே வராது. "உங்க ஸ்பீக்கர் என் போன்ல தெரியலையே" என்று யாராவது சொன்னால் ஸ்பீக்கரை அணைத்துப் போடுவதற்கு முன், அவர் எந்த வைஃபையில் இருக்கிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், உண்மையிலேயே வரிசையைப் பகிரும் வழிகளாக எனக்கு மூன்றுதான் தேறின.

முதலாவது ஸ்பாட்டிஃபையின் ஜாம். 2023 செப்டம்பரில் வந்தது. தொடங்குபவர் கட்டணச் சந்தாதாரராக இருக்க வேண்டும். சேருபவர் இலவசக் கணக்கு வைத்திருந்தாலும் போதும், நேரில் உடன் இருக்கும் வரை. 32 பேர் வரை சேரலாம். ஓடுவது ஒரே வரிசை, உங்கள் ஸ்பீக்கரில். அதில் ஒவ்வொருவரும் தன் போனில் இருந்து, தன் கணக்கில் இருந்து சேர்க்கிறார்கள். எந்தப் பாட்டை யார் சேர்த்தார் என்றும் தெரியும். வரிசையை மாற்றுவது, ஒரு பாட்டை நீக்குவது, ஒருவரை வெளியே எடுப்பது எல்லாம் தொடங்கியவர் கையில். விருந்தாளிகள் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாமா என்பதையும் அவரே முடிவு செய்யலாம். முக்கியமாக, க்யூஆர் குறியாலோ இணைப்பாலோ சேர முடிவதால் விருந்தாளியின் போன் ஸ்பீக்கரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமில்லை.

குறை எங்கே என்றால், சேருபவரிடம் அந்த ஆப்பும் ஒரு கணக்கும் இருக்க வேண்டும். 60 வயது தாண்டிய சொந்தக்காரர்களில் எத்தனை பேரிடம் இருக்கும்? இன்னொன்று, ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் பாட்டு ஓடும். கணவனும் மனைவியும் ஒரே கணக்கை இரண்டு போனில் வைத்திருந்து, ஒருவர் ஹாலில் ஜாம் நடத்த, இன்னொருவர் உள்ளறையில் குழந்தைக்குத் தாலாட்டுப் போட்டால் ஹாலில் பாட்டு நின்றுவிடும். விருந்துக்கு முன்பே வீட்டில் இதைச் சொல்லி வைத்துவிட வேண்டும்.

இரண்டாவது, டிவியில் யூடியூப். ஸ்பீக்கர் பற்றிப் பேச வந்து டிவியைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல வீடுகளில் நல்ல சத்தம் வருவது டிவியோடு சேர்த்த சவுண்ட்பாரில்தான். அதோடு, யூடியூப் இல்லாத போன் நம் ஊரில் இல்லை. பெரியம்மா கேட்கும் நாதஸ்வரக் கச்சேரிப் பதிவும் ஊர்க் கோவில் கும்மியும் சந்தா ஆப்களில் கிடைக்காமல் போகலாம், யூடியூப்பில் யாராவது போட்டு வைத்திருப்பார்கள். ஒரே டிவியோடு பல போன்கள் இணையலாம், ஒவ்வொருவரும் பாட்டைத் தொட்டு "Add to queue" கொடுத்தால் ஒரே வரிசையில் சேரும்.

இதிலும் வைஃபை கொடுக்காமல் தப்பிக்க ஒரு வழி உண்டு. டிவியின் யூடியூப் அமைப்புகளில் "Link with TV code" என்று இருக்கும். அதைத் திறந்தால் எண்களால் ஆன ஒரு குறியீடு வரும். விருந்தாளி தன் போனின் யூடியூப் அமைப்புகளில் "Watch on TV" என்ற இடத்தில் அதை அடித்தால் இணைந்துவிடும். அவர் தன் மொபைல் டேட்டாவில் இருந்தாலும் சரி.

நான் இதை மாமா வீட்டில் ஒரு மாலை முழுக்க வைத்துப் பார்த்தேன். சிக்கல் ஒன்றே ஒன்றுதான், அது திரும்பத் திரும்ப வந்தது. பாட்டைத் தொட்டதும் இப்போதே ஓடவிடவா, வரிசையில் சேர்க்கவா என்று இரண்டு பொத்தான் கேட்கும். அவசரத்தில் முதலாவதைத் தொட்டால் ஓடிக்கொண்டிருந்தது அறுந்துபோகும். ஜாமில் இருப்பது போல இங்கே வீட்டுக்காரர் என்று தனி அதிகாரம் எதுவும் இல்லை. சேர்ந்தவர்கள் எல்லோரும் சமம். டிவியில் நம் கணக்கு உள்நுழைந்தபடி இருந்தால் நம் பரிந்துரைகள் அத்தனையும் ஹாலில் எல்லோர் கண்ணிலும் படும். கணக்கு இல்லாமல் விருந்தினராக டிவியைத் திறந்துவைத்தால் அந்தக் கவலை தீரும், ஆனால் பாட்டுக்கு நடுவில் விளம்பரம் வரும். தாம்பூலம் கொடுக்கும் நேரத்தில் சோப்பு விளம்பரம் கத்துவதை நான் விரும்பவில்லை.

மூன்றாவது, கொஞ்சம் கைவேலை தெரிந்தவர்களுக்கு. பாட்டு ஓடவிடும் மோபிடி என்ற இலவச மென்பொருளை ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியிலோ பழைய மடிக்கணினியிலோ போட்டு, அதை ஆம்ப்ளிஃபையரோடு ஒயரில் சேர்த்துவிடுவது. அதற்கு மோபிடி-பார்ட்டி என்று ஒரு சேர்க்கை உண்டு. விருந்தாளிக்கு எந்த ஆப்பும் வேண்டாம், எந்தக் கணக்கும் வேண்டாம். போனின் பிரவுசரில் ஒரு முகவரியைத் திறந்தால் தேடும் பெட்டி வரும், பாட்டைத் தொட்டால் வரிசையில் சேரும். அடுத்த பாட்டுக்குத் தாவ வேண்டுமானால் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்கள் சம்மதிக்க வேண்டும் என்று வைக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இது. அமைப்புக் கோப்பில் இவ்வளவுதான்:

```
[http]
hostname = 0.0.0.0
port = 6680

[party]
enabled = true
votes_to_skip = 3
```

பாட்டெல்லாம் நம்மிடம் கோப்பாக இருக்க வேண்டும், மோபிடியின் லோக்கல் சேர்க்கையையும் போட்டு, அந்தக் கோப்புறையை அதற்குக் காட்டிக் கொடுக்க வேண்டும். பிறகு `mopidy local scan` என்று ஒருமுறை கொடுத்தால் பட்டியல் தயாராகும். முகவரி `http://` போட்டு அந்தக் கருவியின் ஐபி, அதன்பின் `:6680/party/`. இதைக் க்யூஆர் குறியாக மாற்றி ஒட்டிவிடலாம், தினமும் மாறாது, ரௌட்டரில் அந்தக் கருவிக்கு நிலையான ஐபி கொடுத்திருந்தால்.

முதல் முறை நான் இதைப் போட்டபோது தேடினால் எதுவும் கிடைக்கவில்லை. காரணம் மென்பொருள் அல்ல, என் கோப்புகள். பல வருடமாக அங்கிருந்தும் இங்கிருந்தும் சேர்த்த பாட்டுகளில் பாதிக்குப் பெயர் "Track 03" என்றிருந்தது, மீதியில் பாடகர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ இணையதளத்தின் பெயர். ஒரே இசையமைப்பாளரின் பெயர் ஐந்து விதமான ஆங்கில எழுத்துக்கூட்டலில். இதையெல்லாம் சரிசெய்ய இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. இன்னொரு எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். மோபிடிக்குப் பாஸ்வேர்டு பூட்டு கிடையாது. `0.0.0.0` என்று போட்டதும் அந்த வைஃபையில் இருக்கும் யாரும் அதைத் திறக்கலாம். அதனால் ரௌட்டரில் அந்தப் போர்ட்டை வெளி இணையத்துக்கு ஒருபோதும் திறந்துவிடாதீர்கள். விருந்தினர் வைஃபையில் இருப்பவருக்கு அந்த முகவரி திறக்காது என்பதால், இந்த வழியில் முதல் சாவியைக் கொடுத்தே ஆக வேண்டும். அல்லது ராஸ்பெர்ரி பைக்கும் விருந்தாளிகளுக்கும் மட்டும் பழைய ரௌட்டர் ஒன்றைத் தனியாக வைக்கலாம், இணையம் இல்லாமலே ஓடும். வாங்கும்போது ஒன்று கவனியுங்கள்: ராஸ்பெர்ரி பை 4-இல் ஹெட்போன் துளை உண்டு, 5-இல் இல்லை. 5 வைத்திருந்தால் யூஎஸ்பி சவுண்ட் கார்டு தனியாக வேண்டும்.

ஆப்பிளின் ஹோம்பாட் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024-இல் வந்த ஐஓஎஸ் 18-இல் இருந்து ஷேர்ப்ளே என்ற பகிர்வு வசதி வழியாக, ஆப்பிள் மியூசிக் சந்தா இல்லாதவரும் வரிசையில் பாட்டுச் சேர்க்கலாம். வீட்டில் எல்லோரும் ஐபோன் என்றால் அதுவே போதும். எங்கள் சொந்தத்தில் அப்படி இல்லை.

வளைகாப்புக்கு நான் எடுத்தது ஜாம். ஏன் என்றால், எனக்கு வேண்டியது வரிசை, அதை ஒழுங்குபடுத்தும் அதிகாரம், வைஃபை பாஸ்வேர்டு கொடுக்காமல் இருப்பது. மூன்றும் சேர்ந்து கிடைத்தது அதில் மட்டும்தான். வந்தவர்கள் 30 பேர், அதில் ஆப் இருந்தது 14 பேரிடம், சேர்ந்தது 9 பேர். அது போதுமாக இருந்தது.

முந்தின நாளே மனைவியின் தம்பியை அழைத்து அவன் இலவசக் கணக்கில், எங்கள் விருந்தினர் வைஃபையில் வைத்துச் சோதித்தேன். இதை யாரும் விட்டுவிடக்கூடாது, வீட்டுக்குள் இருக்கும் நம் போனில் எல்லாமே வேலை செய்யும். காலையில் 25 பாட்டுகள் கொண்ட ஒரு பட்டியலை ஓடவிட்டு, "Start a Jam" கொடுத்து, விருந்தாளிகளுக்கான சத்தக் கட்டுப்பாட்டை அணைத்தேன். க்யூஆர் குறியை முன்கூட்டியே அச்சடிக்க நினைத்தது தவறு என்று அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு ஜாமுக்கும் புதுக் குறி. அதனால் பழைய டேப்லெட் ஒன்றில் குறியை மட்டும் படமாகத் திறந்து, திரை அணையாதபடி செய்து, பன்னீர்ச் செம்பு வைத்த மேசையின் ஓரத்தில் நிறுத்தினேன்.

ஆப் இல்லாதவர்களுக்கு அக்கா மகளை உட்கார வைத்தேன். பள்ளிக்கூட நோட்டு ஒன்று, பேனா ஒன்று. யார் என்ன கேட்டாலும் எழுதிக்கொண்டு தன் போனில் இருந்து சேர்த்தாள். "அத்தை, உங்க பாட்டு நாலாவதா வருது" என்று அவள் போய்ச் சொல்லிவிட்டு வந்ததில் பெரியவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். உண்மையில் எல்லா வழிகளிலும் மிகக் குறைவான அனுமதி கேட்கும் வழி இதுதான். கூட்டம் பத்துப் பேருக்குள் என்றால் ஜாம்கூட வேண்டாம், இது ஒன்றே போதும்.

ஒரே ஒரு இடத்தில் தலையிட வேண்டி வந்தது. கல்லூரிப் பையன் ஒருவன் ஒரே மூச்சில் 11 பாட்டுகள் சேர்த்துவிட்டான். அவன் மீது தவறில்லை, கேட்பதற்கு வரிசையில் இடம் இருந்தது. ஆனால் அதன்பின் சேர்த்தவர்களுக்கு முக்கால் மணி நேரம் காத்திருப்பு. அவற்றில் எட்டைக் கீழே இறக்கி, மற்றவர்கள் பாட்டை இடையிடையே வைத்தேன். இரண்டு நிமிட வேலை. இதே நிலைமை யூடியூப் வரிசையில் வந்திருந்தால் நான் மாற்றுவதை அவன் மாற்ற, இருவரும் போட்டி போட்டிருப்போம்.

எல்லோரும் கிளம்பியதும் முதல் வேலையாக ஜாமை முடித்தேன். முடித்ததும் அந்தக் குறி செல்லாது. யூடியூப் வழியில் போயிருந்தால் இந்த வேலை இன்னும் முக்கியம், ஏனென்றால் குறியீடு போட்டு இணைந்த போன்கள் தானாக விலகாது. டிவி அமைப்புகளில் போய் இணைந்த சாதனங்களை நீக்கும் வரை, அவர்கள் தங்கள் வீட்டில் இருந்தே நம் டிவியில் ஏதாவது ஓடவிட முடியும். ப்ளூடூத்தும் அப்படித்தான். தை மாதம் இணைத்த சித்தப்பா மகனின் போன் ஸ்பீக்கரின் நினைவில் அப்படியே இருந்தது. வளைகாப்பு அன்று அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "இணைந்தது" என்று ஸ்பீக்கர் சொன்னது. அவன் முகத்தைப் பார்த்ததும் நான் ஓடிப்போய் ஸ்பீக்கரில் பழைய இணைப்புகளை எல்லாம் அழித்துவிட்டு வந்தேன்.